ஊதா உள்ளே போகும், வெளியே வருமா என்பதுதான் கேள்வி

பாக்டீரியாவுக்கு நிறமேற்றி வகைபிரிக்கும் கிராம் சாயமேற்றல் பற்றிய வைவாவில் என் முறை வந்தபோது மதியம் ஒன்றரை மணி. தேர்வாளருக்குப் பசி. எளிதான கேள்வியாகக் கேட்டு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பார்.

"கிராம் நெகடிவ் பாக்டீரியா ஏன் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது?"

"ஊதாச் சாயம் அதற்குள் போகாது, சார். சஃப்ரனின் சாயம்தான் போகும்."

"அப்படியானால் நடுவில் ஆல்கஹாலை எதற்கு ஊற்றுகிறோம்?"

"கழுவுவதற்கு, சார்."

10க்கு 3 கிடைத்தது. அந்த மூன்றும் பசியின் கருணை என்றே நினைக்கிறேன். நிறங்களைச் சரியாகச் சொல்லி, காரணத்தைத் தலைகீழாகச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் டெக்னீஷியன் அண்ணனிடம் புலம்பினேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நான்கு ஸ்லைடுகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் கிராம் பாசிடிவான ஸ்டெஃபைலோகாக்கஸ், வலப்பக்கம் கிராம் நெகடிவான ஈ. கோலை, இரண்டும் முந்தைய இரவு வளர்த்தவை. "ஒவ்வொரு ஸ்லைடையும் ஒவ்வொரு கட்டத்தில் நிறுத்திப் பார், தம்பி" என்றார்.

முதல் ஸ்லைடில் கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் மட்டும், ஒரு நிமிடம். நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஊதா. ஈ. கோலையும் நன்றாகவே ஊதா! என் வைவா பதில் அந்த இடத்திலேயே செத்தது.

இரண்டாவதில் வயலட்டுக்குப் பிறகு அயோடின், இன்னொரு நிமிடம். அப்போதும் இரண்டும் ஊதாதான். அயோடினை இன்னொரு சாயம் என்று எண்ணுவதும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அது செல்லுக்குள் இருக்கும் வயலட்டோடு சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகிறது; தனி வயலட் போல அது எளிதில் வெளியேறாது.

மூன்றாவதில் ஆல்கஹாலும் சேர்ந்தது. இடப்பக்கம் திராட்சைக் கொத்துகள் ஊதாவாகவே இருந்தன. வலப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ஃபோகஸ் தவறிவிட்டது என்று திருகிக்கொண்டே இருந்தேன். அண்ணன் சிரித்தார். பாக்டீரியா அங்கேதான் இருந்தது, நிறம்தான் போய்விட்டது. நான்காவதில் சஃப்ரனின் ஊற்றியதும் அதே இடத்தில் இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரிந்தன. கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைப்பது மட்டுமே சஃப்ரனினின் வேலை.

ஆக, முடிவு நடப்பது ஆல்கஹாலில். கிராம் பாசிடிவின் சுவரில் பெப்டிடோகிளைக்கன் என்ற வலை போன்ற பொருள் பல அடுக்காகத் தடித்திருக்கும். ஆல்கஹால் பட்டதும் நீர் வற்றி அந்த வலை இறுகுகிறது. கூட்டுப்பொருள் உள்ளே சிக்கிக்கொள்கிறது. நெகடிவில் அந்த அடுக்கு மெல்லியது. வெளிச்சவ்வின் கொழுப்பையும் ஆல்கஹால் கரைத்துவிடுவதால் ஊதா வெளியேறிவிடுகிறது. தேர்வாளர் எதிர்பார்த்தது இந்த இரண்டு மூன்று வாக்கியங்களைத்தான்.

இந்த முறையை 1884இல் வெளியிட்ட டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பாக்டீரியாவை இரண்டு வகையாகப் பிரிக்க நினைத்தவர் அல்லர். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமி தனித்துத் தெரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

ஆல்கஹாலில்தான் முடிவு நடக்கிறது என்றால் கை தவறுவதும் அங்கேதான். அதிக நேரம் ஊற்றினால் பாசிடிவும் ஊதாவை இழந்து நெகடிவ் வேடம் போடும். குறைவாக ஊற்றினால் நெகடிவ் ஊதாவாகவே நின்றுவிடும். பத்து முதல் முப்பது விநாடி என்று கையேட்டில் இருக்கும். நான் அதை மனப்பாடம் செய்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அண்ணன் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். வழியும் துளியில் ஊதா வருவது நின்ற கணமே குழாய் நீரில் காட்டிவிடுவார். ஸ்லைடில் பூசிய ஸ்மியர் தடித்திருந்தால் இந்தக் கணக்கும் உதவாது. மேலே நிறம் போயிருக்கும், அடியில் ஊதா தேங்கியிருக்கும்.

இன்னொன்று, வளர்ப்பின் வயது. மூன்று நாள் பழைய தட்டிலிருந்து எடுத்தால் ஸ்டெஃபைலோகாக்கஸே அங்கங்கே இளஞ்சிவப்பாகத் தெரியும். சுவர் சிதைந்த செல்லால் ஊதாவைப் பிடித்துவைக்க முடியாது. எவ்வளவு நேர்த்தியாகச் சாயமேற்றினாலும் அதைத் திருத்த முடியாது. புதிய வளர்ப்புதான் வழி.

இரண்டு வாரம் கழித்து ஒரு சீழ் ஸ்மியர் என்னிடம் வந்தது. பார்த்துவிட்டு, "கிராம் பாசிடிவ் குச்சிகள்" என்று எழுதினேன். அண்ணன் லென்ஸில் குனிந்து பார்த்தார்.

"சீழ் செல்களின் உட்கரு என்ன நிறம், தம்பி?"

பார்த்தேன். ஊதா. சீழ் செல்களுக்குப் பாக்டீரியாவின் சுவர் கிடையாது. சரியாக நிறம் நீக்கியிருந்தால் அவற்றின் உட்கரு இளஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டும். ஸ்லைடு தன் குறையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது, நான் கேட்கவில்லை.

அதே மாதிரியிலிருந்து இன்னொரு ஸ்மியர் எடுத்தேன், இம்முறை அடியில் வைத்த அச்செழுத்து தெரியுமளவுக்கு மெல்லியதாக. உட்கரு இளஞ்சிவப்பு. குச்சிகளும் இளஞ்சிவப்பு. முதலில் எழுதியதை அடித்துவிட்டு, "கிராம் நெகடிவ்" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.