ஓடிபி வரவில்லையா? எந்த நம்பருக்கு என்று முதலில் பாருங்கள்

காரைக்குடி பக்கம் வருமான வரிக் கணக்குப் பார்க்கும் எங்களிடம் ஜூலையில் வருகிறவர்களின் முதல் பேச்சே இதுதான்: "தம்பி, ஓடிபி வரவே மாட்டேங்குது."

போன வருடம் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். டெபாசிட் வட்டி 1,20,000 ரூபாய்க்கு வங்கி 12,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருந்தது. வேறு வருமானம் இல்லை, கணக்குத் தாக்கல் செய்தால் முழுப்பணமும் திரும்பிவரும். ஆனால் வருமான வரிப் போர்ட்டலின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. பேரன் Forgot Password போட்டுப் போட்டு அலுத்துவிட்டான்.

அவன் செய்த தவறு, ஒரே நம்பர்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று நினைத்தது. போர்ட்டலில் இருந்தது காலமான செட்டியாரின் நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது செத்துப்போய்விட்டது. ஆதாரில் இருந்தது, மகன் சிங்கப்பூர் போகுமுன் வைத்திருந்த நம்பர். வங்கியில் மட்டும் ஆச்சியின் இப்போதைய நம்பர், அதுவும் போன வருடம் கேஒய்சிக்குக் கூப்பிட்டதால். போர்ட்டல் ஓடிபியும் ஆதார் ஓடிபியும் இரண்டு வெவ்வேறு போனுக்குப் போகின்றன என்பதே பலருக்குத் தெரியாது. ஆதார் தளத்தில் ஆதார் எண்ணைச் சரிபார்க்கும் பக்கத்தில் மொபைலின் கடைசி மூன்று இலக்கம் தெரியும். பேரன் அதைப் பார்த்திருந்தால் அரைநாள் மிச்சம்.

வங்கி நம்பர் உயிரோடு இருந்ததால் வழி பிறந்தது. வீட்டிலேயே ஏடிஎம் கார்டை வைத்து நெட் பேங்கிங்கைத் தொடங்கினோம். கணக்கில் பான் சேர்ந்திருந்ததால், போர்ட்டலின் லாகின் பக்கத்தில் Net Banking வழியாகப் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போக முடிந்தது. போனதும் முதல் வேலையாக My Profile பகுதியில் தொடர்பு விவரத்தைத் திருத்தி, புதிய நம்பருக்கு வந்த ஓடிபியைப் போட்டோம். கணக்குத் தாக்கலை அவசரமாக முடித்துவிட்டு இதை மறந்தால் அடுத்த வருடமும் இதே கதைதான்.

வங்கியிலும் பழைய நம்பர் என்றால்? கிளைக்கு நேரில் போய் அதை மாற்றுவது முதல் வேலை. ஆதாரில் மாற்ற ஆதார் மையத்தில் கைரேகை வைத்தால் போதும், நடக்க முடியாதவர்கள் தபால்காரரிடமும் கேட்கலாம். ஆனால் புது நம்பர் ஏறச் சில நாள் பிடிக்கும். ஜூலை 31-க்கு முந்தைய நாள் போய் நிற்காதீர்கள்.

பேரன் கடைசியில் யோசித்தது வேறு: "புதுசா ஒரு பான் எடுத்திடலாமா ஆச்சி?" நல்லவேளை, எடுக்கவில்லை. ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். டிடிஎஸ் பழைய பானில்தானே கிடக்கிறது, புதியதில் அது தெரியவும் செய்யாது.

என் போன் நம்பரையே போர்ட்டலில் போட்டுவிடச் சொன்னார் ஆச்சி. மறுத்துவிட்டேன். நாளை நான் நம்பர் மாற்றினால் அவர் யாரைத் தேடுவார்?