உலர்திராட்சையைத் திராட்சைக் கணக்கில் எழுதாதீர்கள்

தினமும் சாப்பிடுவதை எடை, கலோரியோடு எழுதி வைக்கத் தொடங்கியவர்களின் பக்கங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எழுத மறப்பது, குறைத்து எழுதுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் கீழே உள்ள தவறுகள் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடும்.

ஃப்ரெஷ் பழத்தின் எண்ணை உலர்பழத்துக்குப் போடுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. ஒருவர் காலையும் மாலையும் "திராட்சை 40 கிராம், 28 கலோரி" என்று எழுதியிருந்தார். கணக்கில் குறையே இல்லை, எடை மட்டும் இறங்கவில்லை. துருவிக் கேட்டதும், "உலர்திராட்சைதான். அதுவும் பழம்தானே மேடம்" என்றார். ஆப்பில் தேடியபோது முதலில் வந்த வரியைத் தொட்டிருக்கிறார். 40 கிராம் உலர்திராட்சை 120 கலோரி. நாளுக்கு 180 கலோரிக்கு மேல் கணக்கிலேயே வரவில்லை.

காரணம் தண்ணீர். 100 கிராம் திராட்சையில் சுமார் 81 கிராம் தண்ணீர். மீதி 19 கிராமில் பெரும்பகுதி சர்க்கரை. உலர்ந்த பிறகு தண்ணீர் 15 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதனால் அந்த 100 கிராம் சுருங்கி 22 கிராம் ஆகிவிடுகிறது. சர்க்கரை எங்கும் போகவில்லை.

இப்போது கைப்பிடிக்கு வருவோம். ஒரு கையில் ஃப்ரெஷ் திராட்சை 90 கிராம் பிடிக்கும் என்று வையுங்கள்: கார்ப் 16 கிராம். அதே கையில் உலர்திராட்சை 40 கிராம்: கார்ப் 32 கிராம். அதாவது ஏறக்குறைய 180 கிராம் திராட்சையை, அதன் தண்ணீர் இல்லாமல், நாலு வாயில் முடித்துவிடுகிறோம். வயிறு நிரம்பிய உணர்வும் வராது. உடனே அடுத்த பிடிக்குக் கை போகும்.

எல்லாவற்றுக்கும் "நாலு மடங்கு" போடுவது

திராட்சை உலர்ந்தால் கிராமுக்கு நாலு மடங்குக்குச் சற்று மேல் வருகிறது. அதையே எல்லாப் பழத்துக்கும் போட முடியாது. ஆப்ரிகாட்டில் 86 சதவீதம் தண்ணீர், உலர்ந்ததில் 31 சதவீதம் போல. தண்ணீர் போக மிஞ்சுவது 14, 69. வகுத்தால் ஐந்து மடங்கு. பழத்துக்குப் பழம் இப்படி மாறும்.

பாதாமையும் அதே வரியில் சேர்ப்பது

பாதாமிலும் தண்ணீர் 5 சதவீதம்கூட இல்லை. ஆனால் அதன் கலோரிக்கு முக்கியக் காரணம் கொழுப்பு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரை 4. 30 கிராம் பாதாமில் 174 கலோரி: கொழுப்பு 15 கிராம், புரதம் 6, கார்ப் 6.5, அந்தக் கார்ப்பிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. உலர்திராட்சையில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம், புரதம் 40 கிராமுக்கு ஒரு கிராம் சொச்சம். இரண்டையும் கலந்து ஒரு பிடி அள்ளினால் எது எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. தனித்தனியாக நிறுத்துவிட்டு அப்புறம் கலக்குங்கள்.

ஊறவைத்த பிறகு நிறுப்பது

கூடியது தண்ணீர். ஊறப்போடும் முன்பே நிறுங்கள்.

சர்க்கரை சேர்த்த கிரான்பெரி

நீர்க் கணக்கு இங்கே செல்லாது. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்.