'பிரீமியம்' என்று எழுதினால் பெட்டிக்குள் என்ன இருப்பதாகத் தெரியும்?

"பிரீமியம் பொருட்கள் நிறைந்த எக்ஸ்க்ளூசிவ் லிமிடெட் எடிஷன் பண்டிகை ஹேம்பர்." இந்த வரியைப் படித்தவரிடம் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தேனா, சோப்பா, போர்வையா என்று அவரால் சொல்ல முடியாது. ஹேம்பர் வாங்குபவர் பெரும்பாலும் அதைத் தானே பிரிக்கப்போவதில்லை. வேறொருவர் வீட்டுக்கு அனுப்புகிறார். வாங்குபவருக்கு முன்கூட்டியே கிடைப்பது, விற்பனைக்காக நாம் எழுதும் விவரமும் படமும் மட்டும்தான்.

ஒரு பெட்டியையே எடுத்துக்கொள்வோம். மரப்பெட்டி, உள்ளே கறுப்பு சாக்லேட், ஒரு குப்பி தேன், தேன்மெழுகில் செய்த மெழுகுவர்த்தி. முதலில் வரும் தவறு, படத்தையும் பொருள் பட்டியலையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்காருவது. அப்போது கைக்கு வருவது 'உயர்தர', 'சிறப்பான' போன்ற சொற்கள்தான். பெட்டியை மேசையில் வைத்து, பரிசு பெறுபவர் திறக்கும் வரிசையிலேயே திறக்க வேண்டும். மூடி வழுக்கித் திறக்கிறதா, இழுக்க வேண்டியிருக்கிறதா? திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது மரவாசனையா, மெழுகின் வாசனையா? சாக்லேட்டை ஒடித்தால் 'படக்' என்று சத்தம் வருகிறதா? சரியாகப் பதப்படுத்திய கறுப்பு சாக்லேட் அப்படித்தான் ஒடியும். வெயிலில் இளகி மறுபடி இறுகியது வெளிறிப்போய், உதிர்ந்தாற்போல் உடையும். கவனித்ததை அப்போதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. 'பிரீமியம்' என்பதை எடுத்துவிட்டு 'சுவையான', 'நறுமணம் மிக்க' என்று போடுவது. இவையும் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். புலனுக்குப் பட்டதைத் துல்லியமாகச் சொல்லும் சொற்களுக்கு நம் மொழியில் பஞ்சமே இல்லை: துவர்ப்பு, கைப்பு, கரகரப்பு, வழுவழுப்பு, பிசுபிசுப்பு. "சுவையான கறுப்பு சாக்லேட்" என்பதைவிட "படக்கென்று ஒடியும், நாக்கில் முதலில் லேசான கைப்பு, கரைந்து முடியும்போது இனிப்பு" என்பது எவ்வளவோ மேல். தின்று பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும்.

புலன் விவரத்தையே தவறாக எழுதுவதும் உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மெழுகுவர்த்தியை ஏற்றிப் பார்க்காமலேயே, முகர்ந்து பார்த்ததை வைத்து "வாசனை அறை முழுக்கப் பரவும்" என்று எழுதிவிட்டேன். தேன்மெழுகின் வாசம் மென்மையானது. கிட்டே போனால்தான் தெரியும். வாங்கியவர் ஏமாந்துபோய் எழுதிய கடிதத்துக்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை. "பக்கத்தில் உட்கார்ந்தால் மெல்லத் தேன் மணக்கும்" என்று உள்ளதை எழுதியிருந்தால் அதுவே அழகாக இருந்திருக்கும்.

தேனிலும் இந்தச் சிக்கல் வரும். நாம் பார்க்கும்போது கண்ணாடிபோல் வழியும். குளிர்ந்த இடத்தில் சில வாரம் இருந்தால் அதே தேன் உறைந்து மணல்மணலாகிவிடும். இது தேனின் இயல்பு. ஆனால் "கண்ணாடிபோல் வழியும்" என்று படித்தவர் சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று நினைப்பார். அதனால் பெட்டி போய்ச் சேரும் நாளிலும் மாறாமல் இருப்பதைத்தான் எழுத வேண்டும். மணம், தொண்டையில் நிற்கும் சுவை போன்றவை. உறையக்கூடும் என்பதையும், வெதுவெதுப்பான நீரில் குப்பியை வைத்தால் இளகும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

அப்புறம், இருக்கும் எல்லாப் பொருளுக்கும் ஐந்து புலன்களையும் அள்ளித் தெளிக்க வேண்டாம். இரண்டு பொருளை நன்றாகக் காட்டினால் போதும், மற்றவற்றுக்குப் பெயரும் எடையும் போதும்.

'லிமிடெட் எடிஷன்' என்ற சொல்லை என்ன செய்வது? எத்தனை பெட்டி, ஏன் அத்தனைதான் என்று செய்பவரிடம் கேளுங்கள். காரணம் கிடைத்தால் அதையே எழுதலாம். தீர்ந்ததும் மறுபடி செய்யும் எண்ணம் அவருக்கு இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும்.

நம் பெட்டிக்கான வரிகள் இப்படி முடிந்தன: "மூடியை இழுத்ததும் முதலில் வருவது மரவாசனை. கறுப்பு சாக்லேட் படக்கென்று ஒடியும். கைப்பில் தொடங்கி இனிப்பில் கரையும். தொண்டையில் சுவை நிற்கும் தேன், குளிரில் உறையக்கூடும். மெழுகுவர்த்தியை ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்தால் மெல்லத் தேன் மணக்கும். இந்த ஆண்டு கிடைத்த மெழுகுக்கு 120 பெட்டிகள்தான் செய்ய முடிந்தது."