பதின்மூன்றாவது பாக்கெட்: தடுப்பூசிப் பதிவேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரின் தெற்கு ஓரத்தில், ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களில் புதிதாகச் சேர்ந்த, ஆஷா என்று அழைக்கப்படும் கிராமச் சுகாதாரப் பணிப் பெண்களோடு உட்கார்ந்து தடுப்பூசிப் பதிவேடு பார்ப்பது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. கையெழுத்து அழகாக இருக்கிறது, கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. ஆனாலும் நாங்கள் வேலைக்கு வந்த புதிதில் எங்கே தடுமாறினோமோ அதே இடங்களில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள். கூட்டல் தப்பாவது, கட்டம் மாறிப்போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. மாதக் கடைசியில் சிஸ்டர் அறிக்கை தயாரிக்கும்போது அவை தானாகவே பிடிபட்டுவிடும். எந்தக் கணக்கிலும் பிடிபடாமல் ஒரு குழந்தையின் ஊசியையே தவறவிட வைக்கும் விஷயங்களைத்தான் சொல்ல வருகிறேன்.

டிக் அடிக்காதீர்கள்

தேதி எழுதுங்கள். டிக்கை வைத்து அடுத்த டோஸ் எப்போது என்று கணக்கிட முடியாது.

‘ஊருக்குப் போய்விட்டார்கள்’

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது குறிப்புக் கட்டத்தில் வரும் இந்த இரண்டு வார்த்தைகள்தான்.

முதலில் கார்டு அடிக்கட்டைகளைப் போட்டுவைக்கும் பை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். தாய் சேய் கார்டின் அடிக்கட்டையைக் கிழித்து நாம் வைத்துக்கொள்கிறோம். தொங்கவிடும் பையில் 14 பாக்கெட்டுகள். முதல் 12, மாதத்துக்கு ஒன்று. அடுத்த டோஸ் எந்த மாதம் வருகிறதோ அந்தப் பாக்கெட்டில் அடிக்கட்டை போகும். மாதம் பிறந்ததும் அந்தப் பாக்கெட்டில் இருப்பதை எடுத்தால் அதுதான் அந்த மாதத்துப் பட்டியல். பதின்மூன்றாவது பாக்கெட், பகுதியை விட்டுப் போனவர்களுக்கும் இறந்த குழந்தைகளுக்கும். பதினான்காவது, எல்லா ஊசியும் முடித்த குழந்தைகளுக்கு. அதாவது பதின்மூன்றில் ஒரு அடிக்கட்டையைப் போட்டுவிட்டால் அதை மறுபடி யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

நம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை என்று போவார்கள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கொண்டுவந்து விடுவார்கள். தடுப்பூசி அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டாவின் முதல் டோஸ் 6 வாரத்தில், இரண்டாவது 10 வாரத்தில், மூன்றாவது 14 வாரத்தில். குழந்தை ஊர் மாறுகிற காலமும் அடுத்தடுத்து ஊசி போடவேண்டிய காலமும் ஒன்றாகவே வருகின்றன. தாய்வீட்டு ஊரின் செவிலியர் ‘பெங்களூர் போய்விட்டார்கள்’ என்று எழுதுவார். நம் ஆஷா ‘பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள்’ என்று ஏற்கெனவே எழுதியிருப்பார். இரண்டு பதிவேட்டிலும் எழுதியது உண்மைதான். குழந்தை மட்டும் இரண்டு பட்டியலிலும் இல்லை.

ஒரு குழந்தையின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பிறந்தது 2025 ஜனவரி 4, தாய்வீட்டுப் பக்கத்து அரசு மருத்துவமனையில். பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் பிறந்தவுடன் அங்கேயே போட்டாயிற்று. 6 வாரம் முடிந்தது பிப்ரவரி 15. முதல் பெண்டா போட்டது பிப்ரவரி 26. மார்ச் நடுவில் அம்மா குழந்தையோடு இங்கே கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கே அம்மாவின் கர்ப்பகாலப் பதிவு இருந்தது, ஆனால் அவருடைய அடிக்கட்டை பதின்மூன்றாவது பாக்கெட்டில் கிடந்தது. குழந்தைக்கு என்று ஒரு வரியே திறக்கப்படவில்லை. ஆகஸ்டில் அங்கன்வாடியில் எடை பார்க்க வந்தபோதுதான் கார்டைக் கேட்டுப் பார்த்தோம். ஏழு மாதக் குழந்தைக்கு ஒரே ஒரு பெண்டா.

அந்த இடத்தில் புதிய ஆஷா இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். “முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாக்கா?” வேண்டாம். எவ்வளவு தாமதமானாலும் போட்ட டோஸ் போட்டதுதான், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். “14 வாரமும் தாண்டிடுச்சே, ரெண்டையும் ஒண்ணா போட்டுடலாமா?” அதுவும் கூடாது. இரண்டு பெண்டாவுக்கு நடுவே குறைந்தது 4 வாரம் வேண்டும். பெண்டா 2 ஆகஸ்ட் 7 அன்று போட்டார்கள். அப்படியானால் பெண்டா 3 செப்டம்பர் 4. பிறந்த தேதியிலிருந்து எண்ணிய பழைய தேதிகளுக்கு இனி வேலை இல்லை, கடைசியாகப் போட்ட தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்ஆர் ஊசி மட்டும் வயதைப் பார்த்து வருவது. 9 மாதம் முடிவது அக்டோபர் 4, அதற்குப் பிறகு வரும் முதல் முகாமில் போடலாம். ஆகவே அடிக்கட்டை முதலில் செப்டம்பர் பாக்கெட்டுக்கும் பிறகு அக்டோபர் பாக்கெட்டுக்கும் போனது.

இந்தக் குழந்தை தப்பியது என்றுதான் சொல்வேன். முதல் பெண்டாவாவது கிடைத்திருந்தது. முதல் டோஸை ஒரு வயதுக்குள் போட்டிருந்தால் மீதியைப் பிறகும் முடிக்கலாம். முதல் டோஸே இல்லாமல் ஒரு வயது தாண்டிவிட்டால் அரசு அட்டவணைப்படி பெண்டா கிடையாது, டிபிடிதான். டிபிடி, தொண்டை அடைப்பானுக்கும் கக்குவானுக்கும் ரண ஜன்னிக்கும் மட்டுமே. பெண்டாவில் கூடவே இருக்கும் மஞ்சள் காமாலை, ஹிப் கிருமி இரண்டுக்குமான பாதுகாப்பு போய்விடும். ரோட்டா சொட்டையும் ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். பிசிஜிக்கும் ஒரு வயதுதான் எல்லை. பதின்மூன்றாவது பாக்கெட்டில் ஒரு அடிக்கட்டை தூங்கும் ஒவ்வொரு மாதமும் அந்த எல்லையை நோக்கித்தான் நகர்கிறது.

இந்தத் தவறு ஏன் பிடிபடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் 20 குழந்தைகள் வரவேண்டும், 16 பேர் வந்தார்கள் என்றால் 80 சதவீதம். வராத நான்கு பேரில் மூன்று பேரை ‘ஊருக்குப் போய்விட்டார்கள்’ என்று நீக்கிவிட்டால் 17க்கு 16, அதாவது 94 சதவீதம். ஊசி ஒன்றுகூட அதிகமாகப் போடவில்லை, ஆனால் அறிக்கை நன்றாகத் தெரிகிறது. கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆகவே உங்கள் பதிவேட்டில் சதவீதம் திடீரென்று ஏறினால் முதலில் மேலே இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், கீழே இருக்கும் எண் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, என்ன எழுத வேண்டும்? எந்தத் தேதி போனார்கள், எந்த ஊர், அங்கே பேசக்கூடிய ஒரு போன் எண், எப்போது திரும்புவதாகச் சொன்னார்கள். இந்த நான்கும் குறிப்புக் கட்டத்தில் இருக்க வேண்டும். போன் எண் விஷயத்தில் கவனம்: கார்டில் இருப்பது பெரும்பாலும் கணவருடைய எண். அவர் கட்டட வேலையில் இருப்பார், பகலில் எடுக்க மாட்டார். பாட்டியின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்களிடம் 12 இலக்க பிக்மி எண் இருக்கும், அதையும் குறித்துக்கொண்டால் அங்குள்ள செவிலியரிடம் பேசும்போது ஆளைத் தேடவேண்டியிருக்காது.

அப்புறம் அடிக்கட்டையைப் பதின்மூன்றில் போடாமல் அடுத்த டோஸ் வரும் மாதத்திலேயே வையுங்கள். அந்த மாதம் வந்ததும் போன் செய்யுங்கள். “ஊசி போட்டாச்சா?” என்று மட்டும் கேட்டால் எல்லாத் தாய்மார்களும் “போட்டாச்சுக்கா” என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை, ஏதோ ஒரு ஊசி போட்டிருப்பார்கள். கார்டின் ஊசிப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தேதி தெரிந்தால் அதைப் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் ‘வெளியூர்’ என்று குறியுங்கள். உங்கள் முகாமில் போட்ட கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது, ஆனால் அடுத்த டோஸுக்கு அந்தத் தேதி வேண்டும்.

எப்போதுதான் பதின்மூன்றில் போடலாம்? குடும்பம் வீட்டைக் காலி செய்திருக்க வேண்டும், புதிய ஊரில் ஒரு டோஸ் போட்டதையோ அங்கே பெயர் சேர்த்ததையோ நீங்கள் கார்டுப் படத்தில் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். அப்படிப் போட்ட பிறகும் பொங்கலுக்கு அப்புறமும் தீபாவளிக்கு அப்புறமும் அந்தப் பாக்கெட்டைக் கொட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள். பண்டிகைக்கு ஊர் போனவர்கள் திரும்பும்போது தாய்வீட்டிலிருந்த பெண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

‘வரவில்லை’ என்பது காரணம் அல்ல

வராத குழந்தைக்கு நேராக ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. அம்மா கார்மென்ட்ஸுக்குப் போயிருந்தாரா, போன தடவை ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்ததால் பயமா, வீட்டில் யாராவது வேண்டாம் என்றார்களா? ஒவ்வொன்றுக்கும் நாம் செய்யவேண்டியது வேறு. வேலைக்குப் போகும் அம்மா என்றால் பாட்டியிடம் கார்டைக் கொடுத்துவிடச் சொன்னால் போதும். பயம் என்றால் முகாம் நாளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். பெண்டா போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வருவது வழக்கம்தான் என்பதை முதல் டோஸ் போடும் அன்றே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பயப்பட மாட்டார்கள். ‘சளி’ என்று காரணம் எழுதியிருந்தால் சிஸ்டரிடம் காட்டுங்கள். லேசான சளிக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தழும்பு இல்லையா?

பிசிஜி போட்ட இடத்தில் தழும்பு இல்லை என்று பதிவேட்டில் அந்தத் தேதியை அடித்துவிடாதீர்கள். தழும்பு வராவிட்டாலும் மறுபடி போட வேண்டாம்.

பெயர் வைக்காத குழந்தை

‘லட்சுமி குழந்தை’ என்று எழுதினால் ஒரே தெருவில் மூன்று லட்சுமி. அப்பா பெயர், வீட்டு அடையாளம், அம்மாவின் போன் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

புது பதிவேட்டுக்கு மாற்றும்போது

ஏப்ரலில் புது பதிவேடு வரும். அவசரத்தில் ஒரு வயதுக்குட்பட்ட வரிகளை மட்டும் நகல் எடுத்துவிட்டுப் பழையதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் எம்ஆர் இரண்டாவது டோஸும் டிபிடி பூஸ்டரும் இருக்கின்றன, 5 வயதுக்கு மேல் இன்னொரு டிபிடி பூஸ்டர் இருக்கிறது. அவை காலியாக உள்ள ஒவ்வொரு வரியும் புது பதிவேட்டுக்கு வர வேண்டும். பழைய பக்க எண்ணையும் வரிசை எண்ணையும் ஓரத்தில் எழுதி, பழைய வரியில் ‘மாற்றியது’ என்று தேதியோடு குறியுங்கள். குறி இல்லாத வரி எதுவும் பாக்கி இல்லை என்று தெரிந்த பிறகுதான் பழையதை மூட வேண்டும்.