நாற்பத்திரண்டு பக்க ஒயிட் பேப்பரை இயக்குநருக்கு ஒரே பக்கமாக்கியது எப்படி

வாளையாரைத் தாண்டினால் வரும் கஞ்சிக்கோட்டில், ஒரு ஃபவுண்டரிக்காக கம்ப்ரசர் பற்றி 42 பக்கத்துக்கு ஒயிட் பேப்பர் எழுதினேன். சம்மரி மட்டும் ஒன்றரைப் பக்கம். இயக்குநர் பாலக்காட்டுக்காரர். நன்றாகவே தமிழ் பேசுவார். படித்துவிட்டு, "எல்லாம் சரி சாரே, இதில் நான் எதுக்கு ஒப்பிடணும்?" என்றார். நான் அப்போது அந்தப் பக்கம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எதையோ எதனுடனோ ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறார் என்று நினைத்து, அன்று ராத்திரியே புதிதாக ஒரு ஒப்பீட்டு அட்டவணை போட்டு அனுப்பினேன். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். என் ஒன்றரைப் பக்கத்தில் அதற்குப் பதிலே இல்லை.

அப்புறம் அதைத் திருத்திய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களை மட்டும் கொஞ்சம் மாற்றி, முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

படி 1: பழைய சம்மரியைத் திருத்தாதீர்கள்

அதை மூடி வையுங்கள். இருப்பதில் வாக்கியங்களை வெட்டிக்கொண்டே போனால், அறிக்கையின் வரிசை அப்படியே தங்கிவிடும்: பின்னணி, அளந்த முறை, கண்டது, பரிந்துரை. எழுதியவனுக்கு அது இயல்பான வரிசை. கையெழுத்துப் போடுகிறவருக்கோ கடைசியில் இருப்பதுதான் முதலில் வேண்டும். வெள்ளைத் தாளும் பேனாவும் போதும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் கை தானாகக் காப்பி பேஸ்டுக்குப் போகிறது, என் கை அப்படித்தான்.

படி 2: கையெழுத்து வாக்கியம்

இயக்குநர் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு என்ன நடக்கும்? அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். தொகை, வேலை, கெடு மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

என் பழைய சம்மரியில் இரண்டு பரிந்துரைகள் பக்கத்துப் பக்கத்தில் சம எடையில் நின்றன. ஒன்று, காற்றுக் கசிவுகளை அடைப்பது, 3 லட்சம். மற்றொன்று, வேகத்தை மாற்றி ஓடக்கூடிய வி.எஃப்.டி. கம்ப்ரசர் வாங்குவது, 24 லட்சம். இரண்டையும் ஒன்றாகக் காட்டியதுதான் தவறு. கசிவை அடைத்த பிறகு தொழிற்சாலைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதே மாறிவிடும். இப்போது 75 கிலோவாட் வாங்கிவிட்டு, பிறகு 55 போதுமாக இருந்தது என்று தெரிந்தால் என்ன செய்வது? ஆக, இன்றைக்கு வேண்டிய கையெழுத்து ஒன்றுதான். வாக்கியம் இப்படி ஆனது: "கசிவு அடைப்புக்கு 3 லட்சம் ரூபாய்க்கு ஒப்புதல் கோருகிறோம், அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் வேலை முடியும்."

ஒரே வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால், பெரும்பாலும் குறை எழுத்தில் இருக்காது. அறிக்கை எழுதியவரே இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

படி 3: எண்ணை ஊர் வரைக்கும் பின்தொடருங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு மெஷினும் காற்று எடுக்காத நேரத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டுக் கசிவை அளந்தோம். 90 வினாடி லோடில், அதாவது காற்றை அழுத்தித் தந்தபடி ஓடியது, 210 வினாடி அன்லோடில், அதாவது காற்று தராமல் மோட்டார் மட்டும் சுழன்றபடி ஓடியது.

```
கசிவு % = லோடு நேரம் / (லோடு + அன்லோடு நேரம்) × 100
        = 90 / 300 × 100 = 30
```

கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் 30 சதவீதம் சும்மா போகிறது. அடைத்தால் 10 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். சம்மரியில் நான் போட்ட கணக்கு: முழு லோடில் 80 கிலோவாட், அதில் 20 சதவீதம் 16 கிலோவாட், ஆண்டுக்கு 6,000 மணி நேரம், யூனிட் 7 ரூபாய். மிச்சம் 6.72 லட்சம்.

உள்ளே 31-ஆம் பக்கத்தில் 4.7 லட்சம் என்று இருந்தது. அதையும் எழுதியவன் நானேதான்! சரியானது அதுதான். லோடு, அன்லோடு என்று மாறி மாறி ஓடும் கம்ப்ரசர் காற்றே தராத நேரத்திலும் மோட்டாரைச் சுழற்றிக்கொண்டுதான் இருக்கும். எங்களுடையது அன்லோடில் 24 கிலோவாட் இழுத்தது. கசிவு குறைந்தால் லோடு நேரம் அன்லோடு நேரமாக மாறும், மெஷின் நிற்காது. எனவே மிச்சமாவது 80 அல்ல, 80-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசமான 56 கிலோவாட்டில் 20 சதவீதம், அதாவது 11.2 கிலோவாட். ஆண்டுக்கு 67,200 யூனிட், 4.7 லட்சம் ரூபாய்.

இயக்குநர் 31-ஆம் பக்கத்தைப் பார்க்கவில்லை. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பார்த்தார். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் சம்மரியை அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அறிக்கையில் அது இருக்கும் பக்க எண்ணைப் பென்சிலால் எழுதுகிறேன். பக்க எண் கிடைக்காத எண்ணை நீக்கிவிடுகிறேன். `Ctrl+F` மட்டும் நம்ப வேண்டாம். 6.72 என்று தேடினால் 4.7 அகப்படாது.

படி 4: முடிவை மாற்றக்கூடியது எது?

அனுமானங்கள் எல்லாவற்றையும் சம்மரியில் கொட்ட வேண்டியதில்லை. ஒன்றைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: முடிவு மாறுகிறதா? மாறினால் அது சம்மரிக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளேயே கிடக்கட்டும். எங்கள் விஷயத்தில் மெஷின் ஓடும் மணி நேரம்தான் முக்கியம். ஆர்டர் குறைந்து 3,000 மணி நேரமே ஓடினால் மிச்சம் 2.35 லட்சமாகும், பணம் திரும்ப எட்டு மாதத்துக்குப் பதில் பதினைந்து மாதம் ஆகும். அப்போதும் செய்யத்தக்கதுதான். இதை எழுதிவிட்டால் "வேலை குறைஞ்சா என்ன ஆகும்?" என்ற கேள்வி மீட்டிங்கில் எழாது.

படி 5: சேர்த்து எழுதுங்கள்

அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது. இந்தப் படியில் வந்த வடிவத்தைத் தமிழில் தருகிறேன்:

> கசிவு அடைப்புக்கு 3 லட்சம் ரூபாய்க்கு ஒப்புதல் கோருகிறோம். அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் வேலை முடியும். கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் 30% இப்போது கசிவில் போகிறது. 10% ஆக்கினால் ஆண்டுக்குச் சுமார் 4.7 லட்சம் மிச்சம், எட்டு மாதத்தில் முதல் திரும்பும். ஓடும் நேரம் பாதியானாலும் பதினைந்து மாதத்தில் திரும்பும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் சுமார் 39,000 ரூபாய் நஷ்டம். புதிய கம்ப்ரசருக்கு (24 லட்சம்) இப்போது ஒப்புதல் கேட்கவில்லை. அடைப்புக்குப் பின் மீண்டும் அளந்து, அளவைத் தீர்மானித்துத் தனியாக வருவோம்.

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். எதைக் கேட்கவில்லை என்று சொல்லாவிட்டால், 24 லட்சத்தை உள்ளே எங்கோ பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவைப்பார்கள். படம், கிராஃப் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. ஃபோனில் திறந்தால் கிராஃபில் இருக்கும் எழுத்து எறும்பு மாதிரித் தெரியும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை: அந்த வேலையைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "எவ்வளவு பணம், எதுக்கு, எப்போ?" என்று கேளுங்கள். நான் கோயம்புத்தூர் ரயிலில் கூட வரும் ஒரு வங்கி ஊழியரிடம் கொடுத்தேன். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "அடைச்ச கசிவு திரும்ப வராதா?" என்றார். வரும். அதனால் அடைப்புச் செலவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதும் அடக்கம் என்று முதல் வாக்கியத்தில் சேர்த்தேன்.

பின்சேர்க்கை: "எங்கள் இயக்குநர் இரண்டு வழி காட்டினால்தான் கையெழுத்துப் போடுவார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியென்றால் இரண்டாவது வழியாக 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்பதை வையுங்கள், மாதம் 39,000 என்ற விலையோடு. பெரிய மெஷினை இரண்டாவது வழியாக வைக்காதீர்கள். அது அடுத்த கையெழுத்து.