மாதம் 60,000 ரூபாய் விளம்பரச் செலவு: பங்கு பிரிப்பதில் நேரும் தவறுகள்

இணையத்தில் பொருள் விற்கும் சிறிய கடைகள் பலவும் மாத விளம்பரப் பணத்தை மூன்று சம பங்காக்கிவிடுகின்றன. படம், வீடியோ எடுக்க ஒரு பங்கு; இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு ஒரு பங்கு; இன்ஃப்ளூயன்சருக்கு ஒரு பங்கு. பார்வைக்கு நியாயமாகத் தெரியும் இந்தப் பிரிவினை பெரும்பாலும் மூன்றையுமே அரைகுறையாக்கிவிடுகிறது.

சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். சேலையின் விலை 1,400 ரூபாய். கொள்முதல், பேக்கிங், கூரியர் எல்லாம் சேர்த்து அடக்கம் 1,000 ரூபாய். மீதி 400. விளம்பரத்துக்கு மாதம் 60,000 ரூபாய் என்றால், அந்தப் பணம் திரும்பவே 150 சேலைகள் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பங்கு பிரிக்கும் முன் இந்த 150 என்ற எண் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் ‘எத்தனை சதவீதம்’ என்று பேசுவதில் பயனில்லை.

சம பங்கு வைத்தால் விளம்பரத்துக்கு 20,000 ரூபாய். அதிலேயே 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் விளம்பரமாக ஓடுவது 16,949 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 565 ரூபாய். முதல் பெரிய தவறு இங்கேதான் நேர்கிறது. இந்தச் சின்னத் தொகையை மதுரைக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, பழைய வாடிக்கையாளருக்கு ஒன்று, புதிய ரகத்துக்கு ஒன்று என நான்காக உடைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 141 ரூபாய் கிடைக்கும். ஓர் ஆர்டர் கிடைக்க 350 ரூபாய் ஆகிறது என்றால், ஒவ்வொரு விளம்பரமும் வாரத்துக்கு மூன்று ஆர்டர்கூடத் தராது. யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்று, இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவின் அமைப்பு கற்றுக்கொள்ள, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 50 விற்பனைகளாவது தேவை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. மூன்றை வைத்து அது எதையும் கற்க முடியாது. கடைக்காரரோ ஐந்தாம் நாள் பொறுமை இழந்து தன் விளம்பரத்தை மாற்றியமைப்பார். கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதே பணத்தை இப்படிப் பிரித்துப் பார்ப்போம்: படப்பிடிப்புக்கு 10,000, விளம்பரத்துக்கு வரியோடு 33,000, இன்ஃப்ளூயன்சர்களுக்கு 12,000, கையிருப்பு 5,000. வரி போக 27,966 ரூபாய், நாளுக்கு சுமார் 930 ரூபாய், ஒரே தொகுப்பில் ஓடும். அதே 350 ரூபாய்க் கணக்கில் வாரத்துக்கு 18 ஆர்டர். இதுவும் 50 அல்ல. ஆனால் எந்த வீடியோ விற்கிறது, எது விற்கவில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இருக்கும். 150-இல் விளம்பரம் கொண்டுவருவது ஏறக்குறைய 80 என்பதும் தெளிவாகிவிடும். மீதி 70 பழைய வாடிக்கையாளரிடமிருந்தும் இன்ஃப்ளூயன்சர் வழியாகவும் வர வேண்டும்.

விளம்பரப் பங்கு கூடியதால் படம், வீடியோ என்ற உள்ளடக்கத்துக்குப் பணம் போதுமா என்று கேட்கலாம். இரண்டாவது தவறைத் திருத்தினால் போதும். இரண்டு லட்சம் ஃபாலோயர் உள்ள ஒருவருக்கு 20,000 ரூபாயும் மொத்தமாகக் கொடுத்து, ஒரு ரீல்ஸும் ஒரு ஸ்டோரியும் வாங்குவதுதான் வழக்கம். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ரீல்ஸை மூன்று நாள் பார்ப்பார்கள். அந்த வீடியோவைக் கடை தன் விளம்பரத்தில் ஓட்டலாமா என்பதை யாரும் முன்கூட்டிப் பேசியிருக்க மாட்டார்கள். பிறகு கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார்கள். அந்தப் பணம் அதோடு முடிந்தது.

மாறாக, சேலை கட்டும் பழக்கமுள்ள, சில ஆயிரம் ஃபாலோயர் கொண்ட மூவரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் 3,000 ரூபாய் கட்டணம், ஒரு சேலை. சேலையின் அடக்கம் 1,000 ரூபாயையும் இந்தப் பங்கிலேயே எழுத வேண்டும்; இலவசமாகக் கொடுத்ததுதானே என்று விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். இரண்டு நிபந்தனைகளை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்: எழுத்தோ இசையோ சேர்க்காத மூல வீடியோவைத் தர வேண்டும், மூன்று மாதம் கடை அதை விளம்பரமாக ஓட்டலாம். இப்போது இன்ஃப்ளூயன்சர் செலவே உள்ளடக்கச் செலவாகவும் ஆகிவிட்டது. கொசுவம் வைக்கும்போது துணி எப்படி விழுகிறது, முதல் சலவையில் சாயம் போகிறதா என்பதை வாசல் வெளிச்சத்தில் காட்டும் ஒரு வீடியோ, வாங்குபவரின் சந்தேகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஸ்டுடியோப் படம் அதைச் செய்வதில்லை. காசோ பொருளோ வாங்கிச் செய்த பதிவில் அது விளம்பரம் என்ற குறிப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் நுகர்வோர் விதி. அதையும் நிபந்தனையில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனென்றால் அது அடுத்த மாதப் பங்கீட்டையே கெடுக்கிறது. விளம்பரத் திரை காட்டும் எண்ணை அப்படியே நம்புவதைச் சொல்கிறேன். நம் கடைக்கு 27,966 ரூபாயில் 100 ஆர்டர் வந்ததாகத் திரை காட்டுகிறது. ஓர் ஆர்டருக்கு 280 ரூபாய். 400-இல் 280 போக 120 லாபம் என்று மனம் குளிர்கிறது. ஆனால் அதில் 20 ஆர்டர்கள் கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கப்படாமல் திரும்பின. சேர்ந்தவை 80. செலவு 350 ஆகிவிட்டது. திரும்பிய ஒவ்வொரு பார்சலுக்கும் போக வர 180 ரூபாய் கூரியர் என்றால் 3,600 ரூபாய். 80 சேலைக்கு 50 வீதம் மிஞ்சிய 4,000-இல் அது போக, 400 ரூபாய்தான் மிச்சம். திரை காட்டும் தொகையில் வரியும் இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை, விளம்பரக் கணக்கில் தன் பதிவு எண்ணைக் கொடுத்திருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத கடைக்கு 33,000-ஐ 80-ஆல் வகுத்தால் 412 ரூபாய். சேலைக்குச் சேலை நட்டம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஃப்ளூயன்சர் வீடியோவில் சேலையைப் பார்த்தவர், இரண்டு நாள் கழித்துக் கடையின் விளம்பரத்தைத் தொட்டு வாங்கினால், அந்த விற்பனை முழுவதும் விளம்பரத்தின் பெயரில் எழுதப்படும். இன்ஃப்ளூயன்சர் தன் பதிவில் சொன்ன கூப்பன் எண்ணில் ஐந்து ஆர்டர்தான் வந்தது என்று இன்ஃப்ளூயன்சர் பங்கை வெட்டினால், அடுத்த மாதம் விளம்பரத்தின் ஆர்டரும் குறையக் காரணம் புரியாமல் திகைக்க நேரும். மூன்று பதிவுகளையும் ஒரே நாளில் போடாமல் பத்து நாள் இடைவெளியில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த நான்கு நாள் கடையின் மொத்த ஆர்டர் ஏறுகிறதா என்று பாருங்கள். பார்சல் அனுப்பும்போது ‘எங்கள் கடையை முதலில் எங்கே பார்த்தீர்கள்?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்பதும் நல்ல அளவுகோல். சின்ன எண்ணிக்கையில் இது துல்லியமாக இருக்காது. ஆனாலும் கூப்பன் கணக்கைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கையிருப்பு 5,000 எதற்கு? நன்றாக ஓடிய வீடியோவை அதே ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அது சலித்துப்போகும். திரையில் சராசரியாக ஒருவர் பார்த்த தடவை ஏறும், தொடுவோர் விகிதம் இறங்கும், ஆர்டர் செலவு கூடும். மூன்றும் சேர்ந்து நடந்தால் விளம்பரத்துக்குப் பணம் கூட்டாதீர்கள், அந்த 5,000-இல் புது வீடியோ எடுங்கள். அப்படி நடக்காவிட்டால் பணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் எல்லாக் கடைகளும் முட்டிமோதுவதால் அதன் விலை ஏறும். அந்த மாதத்துக்கான வீடியோக்களை ஒரு மாதம் முன்பே எடுத்து வைத்துவிட்டால், படப்பிடிப்புப் பங்கு முழுவதையும் அப்போது விளம்பரத்துக்குத் திருப்பிவிட முடியும்.