ரீச் விளம்பரம் எப்போது வாங்கலாம்?

மெத்தை மாதிரி, பல வருடங்களுக்கு ஒரு முறை மட்டும் வாங்கும் பொருளுக்குக் கன்வர்ஷன் கேம்பெய்ன் மட்டும் ஓட்டினால், அது இந்த வாரமே வாங்கக்கூடியவர்களைத் தேடித்தான் போகும். அடுத்த வருடம் வாங்கப்போகிறவர் கண்ணில் உங்கள் பெயர் படாது. மெட்டாவில் ஒரு ஆட் செட்டுக்கு வாரம் சுமார் 50 கன்வர்ஷன் வராவிட்டால், யாருக்குக் காட்டுவது என்பதையும் மெட்டாவின் சிஸ்டத்தால் சரியாகக் கற்றுக்கொள்ள முடியாது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் ரீச், அதாவது முடிந்தவரை அதிகம் பேர் கண்ணில் படும் விளம்பரம், வாங்குவது நியாயம்தான்.

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். 3 லட்சம் பேருக்கு, வாரம் 2 முறை வீதம் 4 வாரம் காட்ட 24 லட்சம் இம்ப்ரெஷன் தேவை. பட்ஜெட் பாதிக்குத்தான் வருமா? ஆட்களைக் குறையுங்கள், முறையைக் குறைக்காதீர்கள். ஒரே ஒரு தடவை பார்த்த பெயர் மனதில் நிற்பது கஷ்டம்.

ஓடும்போது ரீச் நின்றுபோய், ஒருவரே எத்தனை தடவை பார்க்கிறார் என்ற ஃப்ரீக்வென்சி மட்டும் ஏறினால், ஆடியன்ஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம், பலனை கிளிக்கில் தேடாதீர்கள். ஒரு பகுதியில் விளம்பரமே காட்டாமல் விட்டு, மற்ற பகுதிகளில் உங்கள் பிராண்ட் பெயரைத் தேடுபவர்கள் கூடுகிறார்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதச் சம்பளமே இந்த விற்பனையை நம்பியிருந்தால், இப்போதைக்குக் கன்வர்ஷனிலேயே இருங்கள்.